பருத்திச் சட்டை ஏன் கசங்குகிறது, தண்ணீர் தெளித்தால் ஏன் நிமிர்கிறது?

கேள்வி: அப்பாவின் காட்டன் சட்டைகளை நான்தான் தேய்க்கிறேன். அயர்ன் பாக்ஸை முழுச் சூட்டில் வைத்துப் பத்து தடவை இழுத்தாலும் சில சுருக்கங்கள் போவதே இல்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் ஒரே இழுப்பில் போய்விடுகிறது. பருத்தியில் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புதான் காரணம் என்று எங்கோ படித்தேன். சூட்டால் முடியாததைத் தண்ணீர் எப்படிச் செய்கிறது? ஸ்டீம் அயர்ன் வாங்கினால் தண்ணீர் தெளிக்கவே வேண்டாமா?

பதில்:

பருத்தியில் சுருக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிடியை விடுவிப்பது தண்ணீர். துணியைத் தட்டையாக்குவது அயர்ன் பாக்ஸின் எடையும் உங்கள் கையின் இழுப்பும். அப்படித் தட்டையாக இருக்கும்போதே தண்ணீரை வெளியேற்றி, புதிய பிடியை அதே நிலையில் போட வைப்பது சூடு. இந்த மூன்றில் தண்ணீரை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் கிட்டத்தட்ட வீண். நான் துணி பதனிடும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். இந்தக் கேள்வியை ஆலைக்குப் புதிதாக வருபவர்களும் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீளமான சங்கிலி. ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதாவது ஓர் ஆக்சிஜனும் அதன் நுனியில் ஒரு ஹைட்ரஜனும். அந்த ஹைட்ரஜன் பக்கத்துச் சங்கிலியில் இருக்கும் ஆக்சிஜனை மெல்ல ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் படித்த ஹைட்ரஜன் பிணைப்பு இதுதான். சங்கிலியின் உள்ளே அணுக்களைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்போடு ஒப்பிட்டால் இதன் வலு பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் எண்ணிக்கை ஏராளம். ஒரு சங்கிலியில் ஆயிரக்கணக்கான கைகள் இருக்கும்போது ஒவ்வொரு கையின் பிடியும் லேசாக இருந்தால் போதும், மொத்தத்தில் அது பெரிய பிடி.

இங்கே ஒரு விஷயத்தை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இழைக்குள் எல்லா இடத்திலும் சங்கிலிகள் ஒரே மாதிரி அடுக்கப்பட்டிருக்கவில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, செங்கல் அடுக்கியதுபோல நெருக்கமாக, ஒழுங்காக இருக்கும். இதைப் படிகப் பகுதி என்பார்கள். மீதி இடத்தில் சங்கிலிகள் தளர்வாக, முன்பின்னாகக் கிடக்கும். சுருக்கம் பிறப்பதும் மறைவதும் இந்தத் தளர்ந்த பகுதியிலும், படிகக் கட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புகளிலும்தான். படிகப் பகுதிக்குள் தண்ணீர் நுழையவே முடியாது. நுழைய முடிந்திருந்தால் சட்டையைத் துவைக்கும் வாளியில் அது கஞ்சியாகக் கரைந்திருக்கும். அரிசிக் கஞ்சியில் இருக்கும் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் கோத்திருக்கும் விதம் வேறு, அடுக்கு வேறு. அதனால் கொதிநீரில் அது குழைந்துவிடுகிறது. பருத்தியோ நனைந்தால் இன்னும் பலமாகிறது. ஈரப் பருத்தி இழையை அறுக்க உலர்ந்த இழையை அறுப்பதைவிட அதிக விசை வேண்டும்.

சரி, துணியை மடித்தால் என்ன நடக்கிறது? இழை நாடாபோலத் தட்டையானது. அதன் மெலிந்த பக்கம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டைத் துணியை அழுத்தி மடிக்கும்போது வளைவின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியதாகிறது. கணக்குப் போட்டால் வளைவின் வெளிப்பக்கத்தில் இழை சுமார் 5 சதவீதம் நீள வேண்டும், உட்பக்கத்தில் அதே அளவு சுருங்க வேண்டும். கேட்கச் சிறிய எண்தான். ஆனால் பருத்தி இழை ஏழெட்டு சதவீதம் நீண்டாலே அறுந்துபோகும். 5 சதவீதம் நீட்டிவிட்டு விட்டால், நீட்டிய அளவில் பாதியைக்கூட அது சரியாகத் திரும்பப் பெறாது. கம்பளி இழை இந்த விஷயத்தில் பருத்தியைவிட எவ்வளவோ மேல்.

ஏன் திரும்புவதில்லை? நீளும் இடத்தில் தளர்ந்த பகுதியின் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன. நழுவும்போது பழைய ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகின்றன. கோலாட்டத்தில் ஓர் அடி நகர்ந்ததும் உங்கள் கோல் அடுத்தவர் கோலைத் தட்டுகிறது அல்லவா, அதுபோல நழுவிய சங்கிலியின் ஹைட்ராக்சில், புதிதாகப் பக்கத்தில் வந்த ஹைட்ராக்சிலைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது கையை எடுத்துவிடுகிறீர்கள். நீண்ட சங்கிலி பழைய இடத்துக்குத் திரும்பத்தான் பார்க்கிறது, ஆனால் புதிதாகப் போட்ட பிடிகள் அதைத் தடுக்கின்றன. அந்த இழுபறியில் எஞ்சி நிற்கும் வளைவுதான் நாம் பார்க்கும் சுருக்கம். இழை முறியவில்லை, கிழியவில்லை. தவறான நிலையில் கைகோத்து நிற்கிறது, அவ்வளவுதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுருக்கம் முழுவதும் ஹைட்ரஜன் பிணைப்பின் வேலை அல்ல. நூலுக்குள் இழைகள் ஒன்றோடொன்று உரசுவதும், நெசவில் நூலும் நூலும் உரசுவதும் திரும்பிவருவதைத் தடுக்கும். அதனால்தான் இறுக்கமாக நெய்த பாப்ளின் சட்டை கசங்கும் அளவுக்கு அதே பருத்தியில் பின்னிய டி-ஷர்ட் கசங்குவதில்லை. பின்னலில் கண்ணிகள் வளைந்து கொடுப்பதால் இழை அவ்வளவு நீள வேண்டியதில்லை.

இப்போது தண்ணீருக்கு வருவோம். தண்ணீர் மூலக்கூறு என்பதே ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும்தான். செல்லுலோஸின் ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்துச் சங்கிலியைப் பிடிப்பதும் தண்ணீரைப் பிடிப்பதும் ஒன்றுதான். அளவில் மிகச் சிறியதான தண்ணீர் மூலக்கூறு தளர்ந்த பகுதிக்குள் எளிதாகப் புகுந்து, இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே நின்று, இரண்டின் கைகளையும் தானே வாங்கிக்கொள்கிறது. பிணைப்புகளின் எண்ணிக்கை குறைந்துவிடுவதில்லை, துணை மாறுகிறது. சங்கிலியைச் சங்கிலி பிடித்திருந்தால் இரண்டும் அசையாது. இரண்டும் தண்ணீரைப் பிடித்திருந்தால், தண்ணீர் நொடிக்கு நொடி கைமாறிக்கொண்டே இருப்பதால் இரண்டுமே நகரலாம். இழையும் பக்கவாட்டில் உப்புகிறது, சங்கிலிகளுக்கு இடம் கிடைக்கிறது.

இந்த இளக்கத்தை வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் கிடைத்துவிடும். முற்றிலும் உலர்ந்த செல்லுலோஸின் தளர்ந்த பகுதி இளகி அசையத் தொடங்க 200 டிகிரி செல்சியஸையும் தாண்ட வேண்டும். அயர்ன் பாக்ஸில் காட்டனுக்கு உரிய மூன்று புள்ளி அளவு என்பது அதிகபட்சம் 200 டிகிரி. அதற்கு மேல் போனால் துணி மஞ்சளாகி, பிறகு கருகத் தொடங்கும். ஆக, உலர்ந்த பருத்தியை வெறும் சூட்டால் இளக்க நினைத்தால், அது இளகும் முன்பே கெட்டுப்போகும். நன்றாக நனைந்த பருத்தியிலோ அதே தளர்ந்த பகுதி அறை வெப்பநிலையிலேயே இளகி நிற்கிறது. 200 டிகிரியால் முடியாததை இரண்டு கரண்டித் தண்ணீர் செய்வது இப்படித்தான். பாலியெஸ்டர் இதற்கு நேர்மாறு. தண்ணீர் அதன் உள்ளே போகாது, ஆனால் 70, 80 டிகிரியிலேயே இளகிவிடும். அதனால் பாலியெஸ்டர் பேண்ட்டுக்கு மிதமான சூடே போதும், அது போட்ட மடிப்பும் நிற்கும்.

"பத்து தடவை இழுத்தேன்" என்றீர்களே, அங்கேதான் பிரச்சினை. உலர்ந்ததுபோலத் தோன்றும் பருத்தியிலும் தண்ணீர் உண்டு. சாதாரண ஈரப்பதம் உள்ள அறையில் தொங்கும் துணி, தன் எடையில் ஏழெட்டு சதவீதம் தண்ணீரைக் காற்றிலிருந்தே உறிஞ்சி வைத்திருக்கும். முதல் இழுப்பில் ஏதோ கொஞ்சம் நிமிர்வது அந்தத் தண்ணீரின் புண்ணியம். ஆனால் சூடான அடித்தட்டுக்குக் கீழே அது சில நொடிகளில் ஆவியாகிவிடும். இரண்டாவது, மூன்றாவது இழுப்புகள் எலும்புபோல உலர்ந்த துணியின்மேல் போகின்றன. நிமிராமல் மிச்சமிருந்த சுருக்கம், தண்ணீர் போன நொடியில் தன் பிடியை இறுக்கிக்கொண்டது. அப்புறம் இழுக்க இழுக்க மஞ்சளாகும் அபாயம்தான் கூடும். முதல் இரண்டு இழுப்பில் போகாத சுருக்கம் தண்ணீர் இல்லாமல் போகாது என்று வைத்துக்கொண்டு, உடனே நிறுத்தித் தெளித்துவிடுங்கள்.

சூடு ஒரு உதவியாள் மட்டுமே என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பருத்திக் கைக்குட்டை ஒன்றை நனைத்துப் பிழிந்து, நிலைக்கண்ணாடியிலோ குளியலறை டைல்ஸிலோ சுருக்கமில்லாமல் ஒட்டி, கையால் நன்றாக நீவிவிடுங்கள். காலையில் உரித்தெடுத்தால் தேய்த்ததுபோலவே இருக்கும். சூடே படவில்லை. அதே கைக்குட்டையை நனைத்துப் பந்தாகச் சுருட்டி வைத்துக் காயவிட்டால், அந்தச் சுருக்கம் எளிதில் போகாது. இரண்டிலும் நடந்தது ஒன்றேதான். தண்ணீர் வெளியேறும்போது துணி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் சங்கிலிகள் மறுபடி கைகோக்கின்றன. வேட்டியை லேசான ஈரத்தோடு மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து எடுப்பதும் இதே வேலைதான், சூட்டுக்குப் பதிலாக நேரம் எடுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. துவைப்பில் விழுந்த சுருக்கம் வேறு, உடுத்தியதில் விழுந்த சுருக்கம் வேறு. வாஷிங் மெஷினின் ட்ரம்மில் சுழன்று சுவரோடு நசுங்கிய துணி, முழு ஈரத்தில் மடிகிறது. அதை அப்படியே அள்ளிக் கொடியில் போட்டால், முழு ஈரத்திலிருந்து முழு உலர்வு வரைக்கும் அந்த மடிப்பிலேயே இருந்து காய்கிறது. எல்லாப் பிணைப்புகளும் அந்த மடிப்பில் போடப்பட்டவை. பேருந்தில் உட்கார்ந்து வந்ததில் சட்டையின் முதுகில் விழும் சுருக்கமோ, ஏழெட்டு சதவீத ஈரத்தில் ஓரளவுக்கு மட்டும் நழுவிய இழைகளால் ஆனது. எது எது என்று கண்டுபிடிக்கச் சட்டையை இரவு முழுவதும் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். காலையில் பெரும்பாலும் மங்கியிருப்பது உடுத்திய சுருக்கம். கத்தி விளிம்புபோல அப்படியே நிற்பது துவைப்பின் சுருக்கம். அதற்குத் தண்ணீர் கட்டாயம். துணியை மெஷினிலிருந்து உடனே எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி உதறி, கையால் நீவிக் காயப்போட்டால் தேய்க்கும் வேலையில் பாதி அங்கேயே குறைந்துவிடும். உதறும்போது இழை இன்னும் முழு ஈரத்தில் இளகிக் கிடக்கிறது, அதற்கு மேல் நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சரி, எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும்? ஒரு சட்டையை எடுத்துக் கணக்குப் போடுவோம். முழுக்கை காட்டன் சட்டை சுமார் 200 கிராம் இருக்கும். காற்றிலிருந்து உறிஞ்சிய தண்ணீர் ஏற்கெனவே அதில் 15 கிராம் அளவுக்கு உண்டு. என் அனுபவத்தில் இதற்கு மேல் 30 கிராம், அதாவது இரண்டு பெரிய கரண்டித் தண்ணீர், நல்ல அளவு. தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், பிழிந்தால் ஒரு சொட்டும் வரக்கூடாது. இந்த 30 கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 68 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் நொடிக்கு ஒரு கிலோஜூல் தருகிறது. அதன் சூடு முழுவதும் துணிக்கே போனாலும்கூடத் தண்ணீரை எடுக்க மட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், நடைமுறையில் சட்டைக்கு மூன்று நான்கு நிமிடம். 100 கிராம் தெளித்தால் இதே கணக்கு மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். அவ்வளவு நேரம் யாரும் நிற்பதில்லை, பாதி ஈரத்தில் எடுத்துவிடுவார்கள். அதிகம் தெளிப்பது இப்படித்தான் கெடுதலாகிறது.

தெளித்த உடனே தேய்க்கவும் கூடாது. துளி விழுந்த இடம் சொட்டச் சொட்ட ஈரம், பக்கத்து இடம் உலர்வு என்று இருக்கும். இஸ்திரி வண்டிக்காரர்கள் தண்ணீர் தெளித்துத் துணியை உருட்டி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு வேறு துணியை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அரை மணி நேரத்தில் தண்ணீர் இழையிலிருந்து இழைக்குப் பரவி, நூலின் நடுவரைக்கும் போய்ச் சேருகிறது. காலர், கைப்பட்டி, பட்டன் பட்டி போன்ற பல அடுக்கு உள்ள இடங்களுக்கு இது மிகவும் தேவை, ஏனென்றால் உள் அடுக்குக்குத் தண்ணீர் தாமதமாகத்தான் போகும். காலையில் தேய்க்க வேண்டுமென்றால் இரவே உருட்டி வைக்கலாம். ஆனால் நம் ஊர் வெக்கையில் ஈரத்துணியை ஒரு நாளுக்கு மேல் பைக்குள் விட்டால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், அது துவைத்தாலும் போகாது.

தேய்க்கும்போது பலரும் தவறுவது ஓர் இடத்தை விட்டு நகரும் நேரத்தைத்தான். துணி தட்டையானதைக் கண் பார்க்கிறது, உடனே பெட்டி நகர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த இடத்தில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, பிடி இன்னும் போடப்படவில்லை. நீங்கள் முன்பக்கத்தைத் தேய்க்கத் துணியைத் திருப்பும்போது முதுகுப்பக்கம் கீழே நசுங்கி, இளகிய நிலையிலேயே புதுச் சுருக்கம் வாங்குகிறது. தேய்த்த சட்டையில் புதிதாக முளைக்கும் கோடுகள் எல்லாம் இப்படி வந்தவைதான். ஒவ்வோர் இடத்தையும் உலரும்வரை தேய்த்துவிட்டு நகருங்கள். உலர்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெறும் சூடாக இருந்தால் சரி. பெட்டி போன கொஞ்ச நேரத்தில் சில்லென்று ஆகி, கையில் பிசுக்கென்று தோன்றினால் ஈரம் மிச்சம் இருக்கிறது. சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். தெளிப்பதற்கு முன் இருந்த எடைக்கு, அல்லது அதைவிடச் சில கிராம் கீழே, சட்டை வந்திருக்க வேண்டும்.

நானே ஒருமுறை இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்காக ஐந்து வேட்டிகளை அவசரமாகத் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டியில் வைத்தேன். பிரித்தபோது ஒவ்வொரு மடிப்பிலும் கத்திபோலக் கோடு. துணிக்குள் மிச்சமிருந்த நீராவி கவருக்குள் மாட்டிக்கொண்டு, மேலே இருந்த துணிகளின் எடையில், மடிப்புக் கோட்டைச் செம்மையாகத் தேய்த்துக் கொடுத்துவிட்டது. தேய்த்த துணியை ஹேங்கரில் கால் மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே மடிப்பது என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன். தேய்த்த உடனே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் முழங்கை மடிப்பில் சுருக்கம் விழுவதும் இதே காரணத்தால்தான்.

ஸ்டீம் அயர்னைப் பற்றிக் கேட்டீர்கள். நீராவியின் சிறப்பு, அது தண்ணீரையும் சூட்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோவது. 30 டிகிரியில் இருக்கும் துணியில் நீராவி பட்டதும் அது குளிர்ந்து தண்ணீராகிறது. ஆவியாகப் பெற்றிருந்த சூடு முழுவதையும் அந்த இடத்திலேயே இறக்கி வைக்கிறது. நம் 200 கிராம் சட்டையை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 18 கிலோஜூல் போதும், அதற்கு 8 கிராம் நீராவி தண்ணீராக மாறினால் சரியாகிவிடும். எங்கே துணி குளிர்ந்திருக்கிறதோ அங்கேதான் ஆவி தண்ணீராகும் என்பதால் தெளிப்பதைவிட ஈரம் சீராகப் பரவுகிறது. சூடாகவும் இருப்பதால் தண்ணீர் இழைக்குள் விரைவாகப் புகுகிறது, அரை மணி நேரம் உருட்டி வைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த 8 கிராமில் ஒரு வரம்பும் இருக்கிறது. துணி 100 டிகிரியைத் தொட்டதும் ஆவி தண்ணீராவது நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு ஆவி அடித்தாலும் அது துணியைத் தாண்டி வெளியேதான் போகும். அதாவது நீராவியால் சட்டைக்கு நான்கு சதவீதம் அளவுக்குத்தான் ஈரம் கூடுகிறது, தெளிப்பதில் கிடைத்த பதினைந்து சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடுத்திய சுருக்கத்துக்கும் மெல்லிய துணிக்கும் அது தாராளம். கஞ்சி போட்ட கெட்டிப் பருத்தி வேட்டி, கைத்தறிச் சேலை, மெஷினில் காய்ந்து முறுகிய சட்டை இவற்றுக்குப் போதாது. ஸ்டீம் அயர்ன் வாங்குங்கள், ஆனால் தெளிக்கும் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொங்கவிட்டு ஆவி மட்டும் அடிக்கும் கருவிகளில் அழுத்தமும் கிடையாது, துணியின் சொந்த எடைதான் அதை நிமிர்த்த வேண்டும். அதை வைத்துத் துவைப்புச் சுருக்கத்தோடு போராட வேண்டாம்.

ஆடைத் தொழிற்சாலைகளில் நீராவிப் பெட்டியோடு வேக்யூம் டேபிள் என்று ஒன்றை வைத்திருப்பார்கள். துளைகள் போட்ட மேசை, மேலே துணி விரிப்பு, கீழே உறிஞ்சும் விசிறி. ஆவி அடித்து அழுத்தியதும் காலால் மிதித்தால், மேசை காற்றைத் துணியின் வழியாகக் கீழே இழுக்கும். சட்டை மேசையோடு ஒட்டி அசையாமல் இருக்கும்போதே ஈரமும் சூடும் இரண்டு மூன்று நொடியில் போய்விடும். பிடி விழும் அந்த நேரத்தில் துணி அசையக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு ஏற்பாடும். வீட்டில் அது இல்லாததால்தான் ஸ்டீம் அயர்ன் வாங்கியவர்கள், ஆவி அடித்த கையோடு சட்டையைத் தூக்கிவிட்டுச் சரியாக வரவில்லை என்கிறார்கள். ஆவி அடிக்கும் பொத்தானை விட்டுவிட்டு, அதே இடத்தில் ஓர் உலர்ந்த இழுப்பு கட்டாயம் கொடுங்கள்.

தேய்த்த சட்டை மறுபடி ஏன் இவ்வளவு சீக்கிரம் கசங்குகிறது என்பதற்கும் தண்ணீர்தான் பதில். சென்னையில் மழைக்கால ஈரப்பதத்தில் பருத்தி பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் வைத்திருக்கும். முழங்கை மடியும் இடத்தில் வியர்வையும் சேருகிறது, உடம்புச் சூடு இருக்கிறது, கை மடங்கி அழுத்துகிறது. இளக்கம், சூடு, அழுத்தம் மூன்றும் இருக்கின்றன. கை மடங்கியபடியே இருக்கும்போது கொஞ்சம் காய்கிறது, பிடி விழுகிறது. நாள் முழுவதும் முழங்கைக்குள் ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி வேலை செய்துகொண்டிருக்கிறது, தவறான வடிவத்துக்கு.

இதை நிரந்தரமாகத் தடுக்க வேண்டுமென்றால் தண்ணீர் நுழைந்து பிரிக்க முடியாத பிணைப்பு வேண்டும். கடைகளில் சுருங்காத காட்டன் என்று விற்கும் சட்டைகளில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஒரு ரெசினைத் துணியில் ஏற்றிச் சூட்டில் பதப்படுத்தினால் அது பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை வலுவான பிணைப்பால் தைத்துவிடும். வளைத்துவிட்டால் சங்கிலி நழுவாது, விட்டதும் பழைய இடத்துக்கே வரும். அமெரிக்க வேளாண்துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வுக் கூடத்தில் ரூத் பெனெரிட்டோவும் அவர் குழுவும் 1950களிலும் 60களிலும் இந்த வேதியியலைப் பெரிதும் முன்னே கொண்டுவந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் இதை அளக்கும் முறை எளிது. துண்டுத் துணியை மடித்து ஒரு கிலோ அளவு எடையின்கீழ் ஐந்து நிமிடம் வைப்போம், எடையை எடுத்து ஐந்து நிமிடம் விட்டு, அது எத்தனை டிகிரி விரிந்திருக்கிறது என்று பார்ப்போம். முழுதாக விரிந்தால் 180. சாதாரணப் பருத்தி பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டியே நின்றுவிடும், ரெசின் ஏற்றியது 130ஐத் தாண்டிப் போகும். ஆனால் விலை உண்டு. சங்கிலிகள் நழுவித் தப்பிக்க முடியாததால் இழுவிசை ஒரே இடத்தில் குவிந்து, துணியின் வலு நன்றாகவே குறைகிறது. காலர் ஓரமும் கைப்பட்டியும் சீக்கிரம் நைந்துபோகும். வழக்கமான ரெசின்கள் ஃபார்மால்டிஹைடையும் சிறிதளவு விடுவதால், சருமம் ஒத்துக்கொள்ளாதவர்கள் புதுச் சட்டையைத் துவைத்த பிறகே போட வேண்டும். அப்பாவுக்கு இந்த வகைச் சட்டை ஏதாவது இருந்தால் அதை ஈரத்தில் அதிகம் தேய்த்துச் சிரமப்பட வேண்டாம். உதறித் தொங்கவிட்டுக் காயவைத்தாலே பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். மடிப்பு விழ வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு இழுப்புப் போதும்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயங்கள். கறுப்பு, கருநீலச் சட்டைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தேய்க்கவும். ஈரத்தில் இளகிய இழையை அழுத்தும்போது அதன் மேல்பரப்பும் தட்டையாகி அந்த நிலையிலேயே உலர்ந்துவிடும், அந்த இடம் பளபளக்கும். அது மெழுகோ அழுக்கோ அல்ல. ஆவி காட்டித் துணியை லேசாகத் தட்டிவிட்டால் ஓரளவு மறையும். கஞ்சி போட்ட சட்டை என்றால் ஈரம் சீராகப் பரவியிருக்கிறதா என்பதை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்ட ஈரமாக இருக்கும் இடத்தில் கஞ்சி இளகி அடித்தட்டில் ஒட்டிக் கருகும், அந்தப் பழுப்பு அடுத்து வரும் வெள்ளைச் சட்டையில்தான் போய் ஒட்டும். அடித்தட்டு ஆறியதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.